குண்டூசியா, நிறமாலைமானியா: முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணுக்கு எதை நம்பலாம்?

இரண்டு முறையிலும் பிள்ளைகளைச் செய்ய வைத்திருக்கிறேன். ஒளிவிலகல் எண்தான் வேண்டுமென்றால் இப்போது நிறமாலைமானியைத்தான் எடுத்து வைக்கிறேன்.

குண்டூசி முறைக்கு வரைபலகையும் நாலு ஊசியும் போதும். படுகோணத்தை 35°-லிருந்து 60° வரை ஐந்தைந்தாகக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் திசைமாற்றக் கோணத்தைக் கோணமானியால் அளந்து வளைகோடு வரைய வேண்டும். திசைமாற்றம் முதலில் குறைந்து பிறகு கூடுவது கண்ணுக்கு நேரே தெரியும். பாடம் புரிய இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஊசியின் அடியைப் பார்க்காமல் தலையைப் பார்த்தாலோ, பட்டகம் கோட்டை விட்டுச் சற்று நகர்ந்தாலோ ஒரு பாகை தவறிவிடும்.

அந்த ஒரு பாகைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. நிறமாலைமானியில் சோடியம் விளக்கை வைத்து எடுத்த ஓர் அளவைப் பாருங்கள். பட்டகத்தின் இரு முகங்களிலும் எதிரொளித்த பிம்பங்களுக்கு இடையே 120°, அதில் பாதி பட்டகக் கோணம், A = 60°. நேர்க்கதிரின் அளவீடு 180°10′, திசைமாற்றம் மிகக் குறைவான சிறும நிலையில் 218°50′. ஆகவே சிறுமத் திசைமாற்றம் D = 38°40′.

μ = sin((A+D)/2) / sin(A/2) = sin 49°20′ / sin 30° = 0.7585 / 0.5 = 1.517

D-யில் ஒரு பாகை கூடினால் இதே கணக்கு 1.528 தரும். இரண்டாம் தசம இடமே ஆட்டம் காண்கிறது. வெர்னியரில் ஒரு நிமிடம் பிசகினாலோ நான்காம் இடத்தில்தான் 2 அளவுக்கு மாறும்.

சரி, சிறும நிலையைச் சரியாகப் பிடிக்காவிட்டால்? அங்கேதான் இந்த முறை கைகொடுக்கிறது. வளைகோட்டின் அடி தட்டையானது. படுகோணம் 2° விலகினாலும் D மூன்று நான்கு நிமிடம்தான் கூடும். மேடையை மெல்லத் திருப்பும்போது பிம்பம் நேர்க்கதிரை நோக்கி நகர்ந்து, நின்று, திரும்பும். திரும்பும் இடத்தில் குறுக்குக் கம்பியை வைத்தால் போதும். எவ்வளவு திருப்பினாலும் பிம்பம் திரும்பாமல் ஒரே பக்கம் ஓடுகிறதா? நீங்கள் பார்ப்பது முகத்தில் எதிரொளித்த பிம்பம், விலகிய கதிர் அல்ல. தேர்வு நேரத்தில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

A-க்கும் இதே கவனம் வேண்டும். 60° என்று பட்டகப் பெட்டியில் இருப்பதை அப்படியே எழுதிவிடாதீர்கள். அதிலும் ஒரு பாகைப் பிழை μ-வை ஏறக்குறைய அதே அளவு நகர்த்தும், எதிர்த்திசையில். அப்புறம், இரண்டு வெர்னியரையும் படியுங்கள். வட்டத்தின் மையம் சற்று விலகியிருந்தால் அந்தப் பிழை சராசரியில் அடிபட்டுப் போகும்.

உள்ளீடற்ற பட்டகத்தில் திரவம் ஊற்றி அளப்பதை ஓரிரு முறைதான் செய்திருக்கிறேன், அதனால் இந்த முடிவு கண்ணாடிப் பட்டகத்துக்கு மட்டும்.