சசூரின் ஒரு வரியை ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட நான்கு வழிகள்

மொழியியல் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். சொல்லின் ஒலிவடிவத்துக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு காரணம் பற்றி அமைந்ததல்ல என்று சுவிஸ் மொழியியலாளர் சசூர் சொன்ன வரி. பிரெஞ்சு மூலம் 1916இல் வெளிவந்தது. 1913இலேயே சசூர் இறந்துவிட்டதால், மாணவர்களின் குறிப்புகளைக் கொண்டு அவருடைய சகாக்களான பாயியும் செஷேயும் தொகுத்த நூல் அது. வேட் பாஸ்கினின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1959இலும் ராய் ஹாரிஸின் மொழிபெயர்ப்பு 1983இலும் வந்தன. நம் மாணவர்களில் பெரும்பாலோர் இவ்விரண்டில் ஒன்றைத்தான் படிக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ஒலிவடிவம், பொருள் என்ற அந்த இரண்டையும் நாம் குறிப்பான், குறிப்பீடு என்று எழுதுகிறோம். இந்த இணைக்கு பாஸ்கின் சிக்னிஃபையர், சிக்னிஃபைட் என்கிறார். ஹாரிஸோ சிக்னல், சிக்னிஃபிகேஷன் என்கிறார். ஹாரிஸைப் படித்துவிட்டுக் குறிப்பான் என்று எழுதினால், அந்தச் சொல் அவர் கொடுத்ததல்ல, தமிழ்த் திறனாய்வு மரபிலிருந்து நீங்கள் எடுத்துப் போட்டது.

முதல் வழி, தமிழை மட்டும் ஆய்வேட்டின் உடலில் தந்துவிட்டு 'சசூர், 1916' என்று முடிப்பது. படிக்க எளிது, தட்டச்சும் குறைவு. ஆனால் இதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. படித்தது பாஸ்கினை, காட்டுவதோ பிரெஞ்சு நூலை. அகப்படுவதும் பக்க எண்ணில்தான். அந்த வரி பரவலாகப் புழங்கும் பிரெஞ்சுப் பதிப்பில் 100ஆம் பக்கம், பாஸ்கினின் 1959 பதிப்பில் 67. '1916, ப. 67' என்று இருந்தால், வாய்மொழித் தேர்வில் விவரம் தெரிந்த ஒருவர் உடனே புருவத்தை உயர்த்துவார்.

இரண்டாவது வழி, ஆங்கிலத்தை அப்படியே உடலில் வைத்துத் தமிழை அடியில் தருவது. இது நேர்மையானதுதான், ஆனால் தமிழ் ஆய்வேட்டின் பாதிப் பக்கம் ஆங்கிலமாகிவிடும். அந்த ஆங்கில வரியின் ஓசையையோ தொடரமைப்பையோ அலசும் இயலுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழியில் தமிழ் உடலிலும், மூலம், அதாவது நாம் படித்த ஆங்கில வரி, அடிக்குறிப்பிலும் நிற்கும். என் ஓட்டு இதற்கே. காரணம் மேற்படி வரியிலேயே இருக்கிறது. அதில் வரும் ஆர்பிட்ரரி என்பதற்கு என்ன சொல் போடுவது? 'தன்னிச்சையானது' என்று எழுதினால், பேசுபவர் தம் விருப்பப்படி பெயர் வைத்துக்கொள்ளலாம் என்ற பொருள் வந்துவிடுகிறது. அப்படிப் புரிந்துகொள்ளக் கூடாது என்று சசூரே அடுத்து எச்சரிக்கிறார். 'இடுகுறித்தன்மை கொண்டது' என்று எழுதினால் தமிழ் இலக்கண மாணவருக்குப் பளிச்சென்று புரியும். ஆனால் உங்கள் ஆய்வே சசூரையும் நன்னூலையும் ஒப்பிடுவது என்றால்? நிறுவ வேண்டிய ஒற்றுமையை மொழிபெயர்ப்பிலேயே நுழைத்துவிட்டு, பிறகு அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறீர்கள். மூலவரி அடியில் இருந்தால் படிப்பவர் இதைத் தாமே பார்த்து மறுக்கலாம்.

அடிக்குறிப்பு இப்படி அமையலாம்: 'சசூர் (1916), ஆங்கிலத்தில் வேட் பாஸ்கின் (1959), ப. 67. ஆங்கிலவழித் தமிழாக்கம்: ஆய்வாளர்.' இதையடுத்து ஆங்கில வரி. 'ஆங்கிலவழி' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு தெரிந்தவர் போலத் தோற்றம் தருவதை அது ஒன்றுதான் தடுக்கிறது. எல்லா மேற்கோளுக்கும் இவ்வளவு நீளம் வேண்டியதில்லை. 'வேறுவகையில் குறிப்பிடாத தமிழாக்கங்கள் அனைத்தும் ஆய்வாளருடையவை' என்று முன்னுரையில் ஒருமுறை எழுதிவிட்டு, வாதம் எந்த வரியைச் சார்ந்து நிற்கிறதோ அதற்கு மட்டும் மூலம் தரலாம். துணைநூற்பட்டியலில் பாஸ்கினின் பெயரும் அவர் ஆண்டும் இருந்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். மேற்கோள் காட்டும் முறைகளில் ஒன்றான ஏபிஏ, நீங்களே மொழிபெயர்த்த பகுதியைப் பொழிப்பாகவே கருதுகிறது, ஆகவே மேற்கோள் குறி போடச் சொல்வதில்லை. எம்எல்ஏ என்ற மற்றொரு முறையிலோ குறியிட்டு, மொழிபெயர்ப்பு என்னுடையது என்று சேர்க்கலாம். உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று நெறியாளரிடம் முதல் இயலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். முந்நூறு மேற்கோள் குறிகளைக் கடைசி வாரத்தில் அழித்த ஒருவரை எனக்குத் தெரியும் (கண்ணாடியில் தினமும் பார்ப்பவர்தான்).

நான்காவது வழி, ஏற்கெனவே அச்சில் உள்ள தமிழாக்கத்தைப் பயன்படுத்துவது. நல்ல தமிழாக்கம் இருந்தால் இதுவே முறை. மொழிபெயர்ப்பாளர் பெயர், ஆண்டு, பக்கம் என மூன்றையும் தர வேண்டும். பிடிக்காத ஒரு சொல்லை மாற்றினால் 'சொல் மாற்றம் ஆய்வாளருடையது' என்று சேர்க்க வேண்டும். சத்தமில்லாமல் மாற்றினால் அவர் எழுதாத ஒன்றை அவர் வாயில் வைக்கிறோம். அச்சான தமிழாக்கத்தைப் பார்த்து இரண்டு சொல்லைத் திருப்பிப்போட்டு 'தமிழாக்கம்: ஆய்வாளர்' என்று எழுதுவதோ அப்பட்டமான திருட்டு. தமிழாக்கத்தில் இருக்கும் பிழை மூலத்தில் இல்லாமல் உங்கள் 'சொந்த' வரியிலும் அப்படியே இருக்கும்போது அது வெளிப்பட்டுவிடும்.