போர்டுக்கு ஒப்புதல்: அளவு வரைபடமா, கடைப் படமா?

ஏற்காட்டில் ஒரு பேக்கரிக்கு இரண்டு மாதிரிகள் காட்டினோம். ஒன்று அளவு வரைபடம்: போர்டு 12 அடிக்கு 2 அடி, எழுத்து 10 அங்குலம். போர்டு செய்பவருக்கு அது போதும்.

மற்றது, எதிர்ப்பக்கம் நின்று எடுத்த கடைப் படத்தின் மேல் போர்டைப் பொருத்தியது. தப்பு அதில்தான் தெரிந்தது. கண்ணாடியில் ஒட்டவிருந்த ஸ்டிக்கர், பப்ஸும் கேக்கும் அடுக்கும் நடுத்தட்டை அப்படியே மறைத்தது. அப்புறம், ‘பேக்கரி’யின் 10 அங்குலத்தில் புள்ளியும் மேல்விலங்கும் போக ‘க’ 7 அங்குலம்தான். எழுத்து உயரத்தில் அங்குலத்துக்கு 10 அடி தூரம் என்று கணக்கிட்டால், 70 அடி தூரம் வரைதான் சுலபமாகப் படிக்கலாம். மூடுபனியில் அதுவும் குறையும்.

அதனால் கடைக்காரரின் சம்மதத்தைப் படத்தில் வாங்குவேன். அளவை மட்டும் வரைபடத்தில்தான் எடுப்பேன். படத்தில் கோணம் அளவை மாற்றிவிடும்.