கடைக் கண்ணாடிக்கு வினைல் எழுத்து: இங்க்ஸ்கேப்பில் கோப்பு தயாரித்த அனுபவம்

கடைக் கண்ணாடிகளில் ஒட்டும் வினைல் எழுத்துகளுக்கான கோப்புகளைச் சில வருடங்களாக இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில்தான் தயாரிக்கிறேன். வெட்டும் இயந்திரத்துக்கு நிறமும் தெரியாது, கோட்டின் தடிமனும் தெரியாது. வடிவத்தின் வெளிக்கோடான பாத் எங்கே போகிறதோ அங்கே பிளேடு போகும், அவ்வளவுதான்.

அதனால் எழுத்துப்பிழை பார்த்து முடித்ததும் எழுத்தைப் பாத்தாக மாற்ற Path > Object to Path. அதன்பின் எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் ஒரு நகலைத் தனியே வைத்துக்கொள்வேன். கோடாக வரைந்தவை இருந்தால் Path > Stroke to Path, கடைசியில் Path > Union. இந்த Union விடுபட்டால், கொக்கியும் உடலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் எழுத்துருவில் பிளேடு எழுத்துக்குள்ளேயே குறுக்கே வெட்டிவிடும். திரையில் சாதாரணமாகப் பார்த்தால் இது தெரியாது. View > Display Mode > Outline போட்டால் குறுக்குக் கோடு பளிச்சென்று தெரியும்.

தமிழில் உண்மையான தொல்லை புள்ளிதான். “திங்கள் முதல் சனி வரை” என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து உயரம் 20 மி.மீ. இருந்தால், மெல்லிய எழுத்துருவில் புள்ளி 2 மி.மீ. அளவில்தான் வரும். வெட்டிய பின் சுற்றியுள்ள வேண்டாத வினைலை உரிக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும். தப்பினாலும் கண்ணாடி துடைக்கும் துணியில் போய்விடும். “முதல்” அப்புறம் “முதல” ஆகி நிற்கும்! நான் புள்ளியின் விளிம்பை வரையறுக்கும் நோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து `>` விசையால் 3.5 மி.மீ. வரை பெரிதாக்குகிறேன். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே 1.5 மி.மீ.யாவது இடைவெளி விடுவேன்.

சரி, தடித்த எழுத்துரு போட்டால் தீர்ந்துவிடுமா? புள்ளி பிழைக்கும், ஆனால் “மணி”யில் உள்ள ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சுழிக்குள் 1 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் அதைக் கிள்ளி எடுப்பது பெரும்பாடு. நடுத்தரத் தடிமன்தான் எனக்கு ஒத்துவருகிறது. சோதிக்க 2 மி.மீ. வட்டம் ஒன்று வரைந்து, கோடுகள் மேலும் சுழிகளுக்குள்ளும் நகர்த்திப் பார்க்கிறேன். வட்டம் எங்கே அடங்கவில்லையோ அங்கே கைவைக்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்கி வரியை இரண்டாக உடைப்பேன்.

மென்பொருளில் பிடிக்காத விஷயம், Stroke to Path வளைவுகளில் தேவையில்லாத நோடுகளைக் குவிப்பது. Simplify கொடுத்தால் நோடுகள் குறையும், ஆனால் கூர்மையான மூலைகளும் மழுங்கிவிடும். ஆகவே கையால்தான் நீக்குகிறேன். லோகோவைப் படத்திலிருந்து தானாக ட்ரேஸ் செய்து யாராவது தந்தால் இன்னும் மோசம். வட்டத்துக்கு நான்கு நோடு போதும், அதில் நாற்பது இருக்கும். பிளேடு தத்தித் தத்திப் போய் விளிம்பு பல் பல்லாக வரும். அதைச் சுத்தம் செய்வதைவிட வட்டம், செவ்வகம் என்று புதிதாக வரைந்துவிடுவது சுலபம்.

கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டுவதென்றால், எல்லாம் முடிந்தபின் Object > Flip Horizontal.