காலை 64, மாலை 82: எந்தத் துடிப்பைக் கணக்கில் வைப்பது?

உடல் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறதோ, அதுதான் ஓய்வுத் துடிப்பு. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருந்தால் இயல்பு என்பார்கள். இந்த வரம்பு மிக அகலமானது. 64 உள்ளவரும் 94 உள்ளவரும் இதற்குள் அடங்கிவிடுகிறார்கள். அதனால் எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்த ஆளுக்கு வழக்கமான எண் எது, அதிலிருந்து இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும். அப்படிப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். காலையில் எடுப்பதா, மாலையில் எடுப்பதா?

கானாடுகாத்தான் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சிக்கு 62 வயது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் வீட்டில் ஒரு பிபி மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் பார்த்தால் பல்ஸ் 64 காட்டும். சாயங்காலம் பார்த்தால் 82. ஒருநாள் போனில் மாலை எண்ணைக் கேட்டுவிட்டு மகன் பயந்துபோனார். "ஆத்தா, காலையில 64ன்னு சொன்னீங்க, இப்ப 82ங்கிறீங்க, டாக்டரப் பாத்துட்டு வாங்க" என்று ஒரே வற்புறுத்தல். ஆச்சி என்னிடம் வந்து, "தம்பி, மெஷின் கோளாறா, எனக்குக் கோளாறா?" என்று கேட்டார்கள்.

இரண்டுமே இல்லை. காலை எண்ணும் சரி, மாலை எண்ணும் சரி. ஆனால் அவை அளப்பது வேறு வேறு விஷயங்களை.

முதலில் காலை எண். இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. துடிப்பைத் தொடங்கி வைப்பது அதுதான். நரம்புகள் எதுவும் குறுக்கிடாமல் விட்டால், இளம் வயதில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். வயது ஏற ஏற அந்த எண் குறைந்து, 60 வயதுக்கு மேல் 80-85 அளவுக்கு வந்துவிடும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு அதற்கு பிரேக் போடுகிறது. உறங்கும்போது இந்த பிரேக் நன்றாக அழுந்தியிருக்கும். பின்னிரவில், விடியலுக்குச் சில மணி நேரம் முன்பு துடிப்பு மிகவும் குறைந்திருக்கும். உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். வயிறு காலியாக இருக்கும். காபியின் வேலையும் ஓய்ந்திருக்கும். எழுந்தவுடன் எடுக்கும் 64 என்ற எண், ஏறக்குறைய எந்தச் சுமையும் இல்லாத இதயத்தின் எண்.

இனி மாலை. ஆச்சியின் 82 எங்கிருந்து வந்தது என்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். காலையில் படுக்கையில் படுத்தபடியே அளக்கிறார்கள். மாலையில் முகப்பில் உட்கார்ந்து அளக்கிறார்கள். படுத்திருப்பதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும் இடையிலேயே சில துடிப்புகள் கூடும். உட்காரும்போது ரத்தத்தில் ஒரு பங்கு கால்களுக்கு இறங்கிவிடுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அனுப்பும் அளவு குறைகிறது. அதை ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. உடல் வெப்பமும் காலையைவிட மாலையில் அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடியிருக்கும். இது காய்ச்சல் இல்லை, எல்லோருக்கும் தினமும் நடப்பது. ஒரு டிகிரி வெப்பத்துக்குத் துடிப்பு 8 முதல் 10 வரை ஏறும் என்பது மருத்துவர்கள் கையாளும் பொதுக் கணக்கு. அப்படியென்றால் அரை டிகிரிக்கு நாலைந்து.

மீதி எல்லாம் செட்டிநாட்டு மே மாதத்தின் வேலை. வெளியே வெயில் 38 டிகிரியைத் தாண்டும்போது, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்ற உடல் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. ரத்தம் தோல் பக்கம் போய்விடுகிறது. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைய, துடிப்பு கூடுகிறது. பெரிய வளவு வீடுகள் குளிர்ச்சிதான், ஆனாலும் அடுப்படி குளிர்ச்சி இல்லையே. ஆச்சி இடைப்பலகாரத்துக்குப் பணியாரம் சுட்டு, நாலு ஈடு எடுத்து, இரண்டைச் சாப்பிட்டு, காபியும் குடித்துவிட்டு அப்படியே வந்து மெஷினைக் கையில் கட்டுகிறார்கள். சாப்பிட்ட பிறகு குடலுக்கு ரத்தம் கூடுதலாகப் போவதால் ஒன்றிரண்டு மணி நேரம் துடிப்பு சற்று உயர்ந்தே இருக்கும். தினமும் காபி குடிப்பவர்களுக்கு அதன் பங்கு சிறியதுதான். அடுப்பு முன்னால் நின்ற அலுப்பும், உட்கார்ந்த உடனே அளப்பதும்தான் பெரிய பங்கு.

மறுநாள் அளக்கும் விதத்தை மட்டும் மாற்றிப் பார்த்தோம். பலகாரத்துக்கு முன்பே, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முதுகு சாய்ந்து பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளந்தார்கள். 73 வந்தது. மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. ஒன்பது துடிப்பு குறைந்துவிட்டது. காலைக்கும் மாலைக்கும் உண்மையில் இருந்த இடைவெளி அந்த 64க்கும் 73க்கும் நடுவில் இருப்பதுதான். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் அளந்த விதத்தால் சேர்ந்தது.

சரி, அப்படியானால் இரண்டில் எதைத் தினமும் குறித்துவைப்பது? நான் காலை பக்கம்தான். மாலை எண் உயரமாக இருப்பது அதற்குக் காரணமில்லை, அது நிலையில்லாமல் இருப்பதுதான் காரணம். ஆச்சியின் குறிப்பேட்டில் காலை எண்கள் 62க்கும் 66க்கும் இடையில் நின்றன. மாலை எண்களோ 70லிருந்து 86 வரை அலைந்தன. விருந்தாளி வந்த நாள், மின்சாரம் போன நாள், பகலில் தூங்கி எழுந்த நாள் என்று ஒவ்வொன்றும் அதை ஒரு பக்கம் இழுக்கும்.

இது ஏன் முக்கியம் என்பது ஜூன் மாதம் தெரிந்தது. அடுத்தடுத்து இரண்டு காலைகளில் ஆச்சிக்கு 72, 74 என்று வந்தது. காய்ச்சல் இல்லை, லேசான அசதி மட்டும்தான். அதே இரண்டு நாள் மாலை எண்கள் 80, 84. அதாவது வழக்கம்போல. மாலையை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. 62-66க்குள் நிற்கும் ஓர் எண் எட்டு ஏறினால் பளிச்சென்று தெரியும். 70-86க்குள் அலையும் எண்ணில் அதே எட்டு காணாமல் போய்விடும். மூன்றாம் நாள் சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்தது, பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் வயதான பெண்களுக்கு இது சகஜம். துடிப்பு ஏறியதை வைத்தே தொற்று என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய இரவு தூக்கம் கெட்டால், உடலில் நீர் குறைந்தால், இரவில் மது குடித்திருந்தால்கூடக் காலை எண் ஏறும். இரண்டு மூன்று காலை தொடர்ந்து ஏறி நின்றால் காரணம் தேட வேண்டும். வாரக்கணக்கில் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் ரத்தசோகையையும் தைராய்டையும் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

காலையில் எடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டுவிட்டு வந்து எடுத்தால் அது காலை எண் ஆகாது. படுக்கையை விட்டு எழுந்த நிமிடமே பிரேக் தளர்ந்துவிடும். எழுவதற்கு முன் படுத்தபடி எடுக்கலாம். இல்லையென்றால் கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன்னால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து எடுக்கலாம். எந்த முறையைத் தொடங்கினாலும் அதையே தொடர வேண்டும். இன்று படுத்தும் நாளை உட்கார்ந்தும் எடுத்தால் குறிப்பேடு வீண்.

கைக்கடிகாரம் கட்டியிருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். சில கடிகாரங்கள் ஓய்வுத் துடிப்பு என்று காட்டும் எண்ணில் உறக்க நேரத் துடிப்பும் சேர்ந்திருக்கும், சில விழித்திருக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் கடிகாரத்தில் 58 என்றும் மெஷினில் 64 என்றும் ஒரே காலையில் வரலாம். கடிகாரத்தை இன்னொரு நாள் கடிகாரத்தோடும், மெஷினை மெஷினோடும் ஒப்பிட்டால் குழப்பம் இராது.

கையால் பார்ப்பவர்கள் கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்து, முழு 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலே நாலு தவறிவிடும். முழு நிமிடம் எண்ணுவதில் இன்னொரு லாபமும் உண்டு. துடிப்பு தாளம் தவறி வந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். அப்படி ஒழுங்கில்லாமல் வந்தால் எண் 70 என்று அழகாக இருந்தாலும் இசிஜி எடுக்க வேண்டும். பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகும், எந்த நேரமானாலும், மறுபடி மறுபடி 100க்கு மேல் இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றோடு வந்தால் காத்திருக்கவே கூடாது.

மாலை எண் கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்லும் ஆட்கள் ஒரு வகையினர் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை போடுபவர்கள். ஆச்சியின் அண்ணன் காலை எட்டு மணிக்குப் பலகாரத்துக்குப் பிறகு அட்டெனலால் போடுகிறார். அவருக்குக் காலையில் 68, மாலையில் 58. தங்கைக்கு நேர் எதிர். காலையில் அவர் அளக்கும்போது முந்தைய நாள் மாத்திரை போட்டு ஏறக்குறைய முழு நாள் ஆகிவிட்டது, அதன் பிடி மிகவும் தளர்ந்திருக்கும் நேரம் அது. மாலையில் மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். காலை எண்ணை மட்டும் பார்த்தால் அளவு சரியாக இருக்கிறது என்று தோன்றும், மருந்து கூடிப்போனதை மாலைதான் காட்டிக்கொடுக்கும். 50க்குக் கீழே போய், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், அந்த எண்ணையும் மாத்திரை போட்ட நேரத்தையும் சேர்த்து எழுதி அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தானாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இந்த வகை மருந்தைச் சட்டென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் முன்னைவிட அதிகமாக எகிறும், இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.