களிநிலத்தில் மாடி வீடு: தனித்தனிப் பூட்டிங்கா, றாஃப்ட்டா?

யாழ்ப்பாணத்தில் அத்திவாரம் பற்றிய கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடையாது. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் சுண்ணக்கல் தட்டிவிடும். அங்கே றாஃப்ட், அதாவது வீடு முழுவதுக்கும் அடியில் ஒரே கொங்கிறீட் தட்டு, போடுவது கம்பியை வீணாக மண்ணில் புதைப்பதுதான். நாவாந்துறை, குருநகர், கொழும்புத்துறை எனக் கடல்நீரேரிக் கரைக்கு வந்தால் மேலே ஒரு மீற்றர் காய்ந்த களி, அதன் கீழே சேறு போன்ற மென்களி, சில மீற்றர் கழித்தே கல். இந்த இரண்டாவது வகைக் காணியில் ஒரு இருமாடி வீட்டை வைத்து, தூணுக்குத் தூண் தனியே கொங்கிறீட் பாதம் வைக்கும் பூட்டிங், றாஃப்ட் என்ற இரண்டு முறைகளையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீடு 12 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். நீளவாக்கில் 4 மீற்றருக்கு ஒன்று, அகலவாக்கில் 4.5 மீற்றருக்கு ஒன்று என மொத்தம் 12 தூண்கள். மேல்மாடித் தட்டு, கூரைத் தட்டு, சுவர்கள் எல்லாம் சேர்ந்து மூலைத் தூண் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15 தொன், ஓரத் தூண்களில் 25 தொன், நடுத்தூண் இரண்டிலும் 43 தொன் வருகிறது என்று வைப்போம். கூட்டினால் 296 தொன். பூட்டிங்கின் சொந்தப் பாரத்துக்குப் பத்து வீதம் கூட்டி, நிலத்தின் தாங்குதிறனால் வகுத்தால் வேண்டிய பரப்பு வரும்.

| தாங்குதிறன் (ஒரு சதுர மீற்றருக்கு) | நடுத்தூண் பூட்டிங்கின் பக்கம் | 12 பூட்டிங்கின் மொத்தப் பரப்பு | வீட்டுப் பரப்பில் பங்கு |
|---|---|---|---|
| 20 தொன் | 1.55 மீ. | 16 ச.மீ. | 15% |
| 10 தொன் | 2.2 மீ. | 33 ச.மீ. | 30% |
| 5 தொன் | 3.1 மீ. | 65 ச.மீ. | 60% |

பூட்டிங்குகள் வீட்டுப் பரப்பில் பாதியைத் தாண்டினால் றாஃப்ட்டைப் பார் என்பது பழைய விதி. விதி சும்மா வந்ததல்ல. 5 தொன் நிலத்தில் நடுப் பூட்டிங் இரண்டுக்கும் இடையில் மிஞ்சுவது 90 சென்ரிமீற்றர். மென்களியில் குழி செங்குத்தாக நிற்காது. சரிவு விட்டு வெட்டினால் அந்த 90 சென்ரிமீற்றரும் போய்விடும். மாரியில் தண்ணீர் அரை மீற்றரிலேயே நிற்கும். பன்னிரண்டு குழிக்கும் பம்ப் வைத்து இறைக்க, அடிமண் காலடியில் குழைந்து சேறாகும். கடைசியில் முழுக் காணியையும் தோண்டிய வேலைதான்.

அந்த 5 தொன் என்ற எண்ணிலேயே ஒரு பொறி உண்டு. கோடையில் மேல்களி காய்ந்து கல்லுப்போல் இறுகிக் கிடக்கும். ஓகஸ்ட் மாதத்தில் 30 சென்ரிமீற்றர்த் தகடு வைத்துப் பாரச் சோதனை செய்தால் அருமையான விடை வரும். ஆனால் அந்தத் தகடு தன் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்தைத்தான், அதாவது 60 சென்ரிமீற்றரைத்தான் உணரும். மூன்று மீற்றர்ப் பூட்டிங்கோ கீழே இருக்கும் மென்களி முழுவதையும் அமத்தும். ஆகவே காணியின் நாலு மூலையிலும் நடுவிலும் மண்ணைத் திருகித் துளைக்கும் கை ஓகரை இறக்கிக் கல் தட்டும் வரை போய்ப் பார்க்கவேண்டும். களியின் தடிப்பு எவ்வளவு, இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்ற இரண்டும்தான் அத்திவாரத்தைத் தீர்மானிக்கும்.

இதே காய்ந்த மேலோடு றாஃப்ட்டுக்குச் சாதகம். பூட்டிங் 1.2 மீற்றர் இறங்கும்போது அந்த ஓட்டைத் துளைத்துக்கொண்டு போய், பாரத்தை நேரே மென்களியில் வைக்கிறது. றாஃப்ட்டின் அடி அரை மீற்றரில் நின்றுவிடும். ஓடு அதன் கீழே முழுசாகக் கிடந்து பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும்.

நம் வீட்டுக்கு றாஃப்ட்டை வெளித்தூண்களுக்கு அப்பால் அரை மீற்றர் நீட்டினால் 13க்கு 10 மீற்றர், 130 சதுர மீற்றர். 296 தொன்னை அதில் பரப்பினால் சதுர மீற்றருக்கு 2.3 தொன். 350 மி.மீ. தடிப்புள்ள கொங்கிறீட்டின் பாரம் 0.84, கீழ்த்தளப் பாவனைக்கு 0.4 என்று சேர்த்தால் 3.5 தொன். வெட்டி எடுத்த அரை மீற்றர் மண்ணே 0.85 தொன் இருந்தது; அதைக் கழித்தால் களிக்குப் புதிதாக ஏறுவது 2.7 தொன் மட்டும்தான். தாங்குதிறனில் தாராளமாக இடம் இருக்கிறது.

இனி அமிழ்வு. றாஃப்ட் போட்டால் வீடு இறங்காது என்று பலர் நினைப்பது பிழை. கீழே 3 மீற்றர் மென்களி, பாரத்துக்கு அது எவ்வளவு அமுங்கும் என்று சொல்லும் அமுங்குகுணகம் ஒரு மெகாநியூட்டனுக்கு 0.5 சதுர மீற்றர் என்று வைத்தால், றாஃப்ட் ஏறத்தாழ 40 மி.மீ. இறங்கும். அதே களியில் நடுத்தூண் பூட்டிங் 34, மூலைப் பூட்டிங் 24 மி.மீ. அளவில்தான் இறங்கும். மொத்த அமிழ்வில் பூட்டிங்தான் வெல்கிறது! ஆனால் சுவரை வெடிக்க வைப்பது மொத்த அமிழ்வு அல்ல, பக்கத்துத் தூண்களுக்கு இடையிலான வித்தியாசம். தூண் இடைவெளியில் 300இல் ஒரு பங்கு வித்தியாசம் வந்தால் கட்டுச் சுவரில் வெடிப்பு எதிர்பார்க்கலாம்; 4 மீற்றருக்கு அது 13 மி.மீ. பாதுகாப்பாக 500இல் ஒரு பங்கு, 8 மி.மீ. என்று எடுப்பது நல்லது.

களி எங்கும் ஒரே தடிப்பாக இருந்தால் பூட்டிங்கும் தப்பிவிடும். ஒரே தடிப்பாக இருப்பதில்லை. நடுத்தூணின் கீழே 4 மீற்றரும், 4 மீற்றர் தள்ளியுள்ள ஓரத்தூணின் கீழே 2 மீற்றரும் களி இருந்தால், முதலாவது 39 மி.மீ. இறங்க, மற்றது 24இல் நிற்கும். 15 மி.மீ. வித்தியாசம். யன்னல் மூலையிலிருந்து சரிந்து ஓடும் வெடிப்பு அங்கேதான் பிறக்கும். றாஃப்ட்டில் தூண்கள் ஒரே தட்டில் நிற்பதால் ஒன்று அதிகம் இறங்கப் பார்த்தால் அதன் பாரம் அடுத்ததுக்கு மாறும். வீடு முழுவதும் கொஞ்சம் சரியலாம். சுவர் பிளப்பது குறைவு. தூர்த்த பழைய கிணறு, குட்டை உள்ள காணிகளில் இந்தக் குணம்தான் உதவுகிறது. அதற்காக, கிணற்றைத் தூர்த்து இறுக்காமல் அதன் மேல் றாஃப்ட்டைப் போடலாம் என்று அர்த்தமில்லை.

செலவை ஒப்பிடும்போது கொங்கிறீட்டை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். றாஃப்ட்டுக்கு 46 கன மீற்றர், நம் பேச்சில் 16 கியூப். பூட்டிங்குகளுக்கு 26 கன மீற்றர். அவற்றைக் கட்டும் 72 மீற்றர் பீமுக்கு 5. நிலக் கொங்கிறீட்டுக்கு 11. மொத்தம் 42. பெரிய வித்தியாசம் இல்லை, ஏனெனில் றாஃப்ட்டே வீட்டின் நிலமும் ஆகிவிடுகிறது. பூட்டிங் முறையில் அந்த நிலம் தூர்த்த மண்ணில் தனியே கிடந்து தனியே இறங்கும். மாபிள் வெடிப்பது அதனால். கம்பியில்தான் றாஃப்ட் கை கடிக்கும். 12 மி.மீ. கம்பி 150 மி.மீ. இடைவெளியில், மேலும் கீழும், இரு திசையிலும் போட்டால் 3 தொன்னுக்கு மேல். ஒட்டு, மேலதிகக் கம்பி சேர்த்து மூன்றரைத் தொன். பூட்டிங், பீம், நிலவலை எல்லாம் ஒன்றரைத் தொன்னுக்குள் முடியும்.

அந்த மேலதிகக் கம்பி எங்கே போகிறது என்பதில்தான் வேலைத்தலத்தில் அடிக்கடி பிழை விடுகிறார்கள். மாடித் தட்டில் பாரம் மேலிருந்து அமத்தும். ஆகவே நடுவில் கீழ்க்கம்பி, தூணருகில் மேல்கம்பி. றாஃப்ட்டில் மண் கீழிருந்து தள்ளுகிறது. தட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கவேண்டும்: தூணுக்கு அடியில் கீழ்க்கம்பி, தூண்களுக்கு நடுவில் மேல்கம்பி. பத்து மாடி கட்டிய மேசனும் கை பழகிய வழியில் மேலதிகக் கம்பியைத் தூணருகில் மேலே கட்டிவிடுவார். நம் வீட்டில் நடுத்தூண் இரண்டின் கீழும் 150 மி.மீ. இடைவெளிக்கு நடுவே ஒவ்வொரு கம்பி சேர்த்து, கீழ்வலையை 75 மி.மீ. ஆக்கவேண்டும். தூண் தட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும் ஆபத்தைத் தாங்க 350 மி.மீ. தடிப்போடு அதுவும் தேவை. கணக்கில் மிச்சம் அதிகம் இல்லை. கொங்கிறீட் போடமுன் வரைபடத்தைக் கையில் வைத்து அந்த இரண்டு இடத்தையும் குனிந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. மேல்வலை மிதிபட்டுக் கீழே போகாமல் மீற்றருக்கு ஒன்றாகக் கம்பிக் கதிரைகள் வையுங்கள்.

நீரேரிக் கரையில் நிலத்தடி நீர் உவர். அதனால் அடியில் 150 மி.மீ. கல்தூள் இறுக்கி, 75 மி.மீ. மெலிந்த கொங்கிறீட், அதன்மேல் பொலித்தீன். பிறகு கம்பிக்கு 50 மி.மீ. மறைப்பு, கொங்கிறீட் தரம் 30. மறைப்புக்குச் செங்கல் துண்டு வைத்தால் உப்புத் தண்ணீர் அதன் வழியே கம்பிக்குப் போகும். கொங்கிறீட் கட்டைகளே வேண்டும். கலவைக்கும் நனைப்புக்கும் காணியின் உவர்க் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள். 46 கன மீற்றரும் ஒரே நாளில் முடியாதென்றால், நிறுத்தும் இடத்தைத் தூணிலிருந்து கால்வாசி தூரத்தில் முன்கூட்டியே குறித்து வைக்கவேண்டும். மழை வந்த இடத்தில் நிறுத்துவது நிறுத்தம் அல்ல, வெடிப்புக்கு இடம் ஒதுக்குவது.

றாஃப்ட் தோற்கும் இடங்களும் உண்டு. கல் இரண்டு மீற்றருக்குள் எல்லா இடமும் தட்டினால் பூட்டிங்கைக் கல்வரை இறக்குவதே மலிவு. கல்லில் குகை இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு தூணின் கீழும் பூட்டிங் அகலத்தின் இரு மடங்குக்குத் துளை போட்டுப் பார்த்தபிறகு. அதைவிட மோசமானது, வீட்டின் பாதி கல்லிலும் பாதி களியிலும் வருவது. கல் பக்கம் அசையாது, களிப் பக்கம் 40 மி.மீ. இறங்கப் பார்க்கும். கல் விளிம்பில் றாஃப்ட் வளைந்து, அதன் மேல்முகம் குறுக்கே வெடிக்கும். அப்படி இருந்தால் கல் பக்கத்தை இன்னும் 300 முதல் 450 மி.மீ. வெட்டி அந்த இடத்துக்கு மணல் மெத்தை கொடுக்கவேண்டும், அல்லது எல்லாத் தூணையும் கல்லுக்கே இறக்கவேண்டும்.

காணியை உயர்த்துவதையும் கணக்கில் எடுங்கள். வெள்ளத்துக்குப் பயந்து ஒரு மீற்றர் மண் கொட்டினால் சதுர மீற்றருக்கு 1.8 தொன். வீடு ஏற்றும் 2.7 தொன்னில் மூன்றில் இரண்டு பங்கு அது. மண்ணைக் கொட்டிய கையோடு றாஃப்ட் போட்டால் மண்ணின் அமிழ்வு, வீட்டின் அமிழ்வு இரண்டையும் சேர்த்து அந்தத் தட்டு சுமக்கும். மலக்குழாய் இணைப்பு முதலில் முறியும். கீழேயுள்ள சுண்ணக்கல்லும் தண்ணீரை வடிய விடுவதால், 3 மீற்றர்க் களி தன் அமிழ்வின் பெரும் பங்கை ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் முடித்துவிடும். ஆகவே மண்ணை இந்த மாரிக்கு முன் கொட்டி, அத்திவாரத்தை அடுத்த மாரி கழிந்த தை, மாசியில் தொடங்கலாம்.