ரிஸ்க்கா, சிஸ்க்கா: அடுத்த கட்டளை எங்கே தொடங்குகிறது?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் ரிஸ்க், சிஸ்க் என்ற இரண்டு வகை பிராசஸர் வடிவமைப்புகளின் வேறுபாட்டைப் பையன்கள் ஒரு அட்டவணையாக உருப்போட்டு வைத்திருப்பார்கள். முதல் வரி எப்போதும் 'ரிஸ்க்கில் கட்டளைகள் குறைவு, சிஸ்க்கில் அதிகம்' என்றுதான் இருக்கும். பாடம் எடுக்கும்போது அந்த வரியை அடித்துவிடச் சொல்வேன். ரிஸ்க் வகையான இன்றைய ஆர்ம் சிப்பிலேயே கட்டளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கிக் கட்டம் கட்டமாக ஓட்டும் பைப்லைன் போடுகிறவருக்கு முதல் தலைவலி வேறு: இந்தக் கட்டளை எத்தனை பைட்?

நினைவகத்தில் உள்ள ஒரு எண்ணோடு ரெஜிஸ்டரில் இருக்கும் எண்ணைக் கூட்டி, விடையை நினைவகத்தில் அதே இடத்தில் வைக்க வேண்டும். சிஸ்க் வகையான எக்ஸ்86-இல் ஒரே கட்டளை போதும். அதன் பைட்டுகளைப் பாருங்கள்:

```
01 43 08             add dword ptr [rbx+8], eax
01 83 00 10 00 00    add dword ptr [rbx+0x1000], eax
```

இரண்டும் ஒரே வேலைதான். முகவரியின் தூரம் மட்டும் வேறு. முதலாவது 3 பைட், இரண்டாவது 6. இரண்டுமே `01` என்றே தொடங்குவதால் முதல் பைட்டை வைத்து நீளம் சொல்ல முடியாது. `43` அல்லது `83` வந்த பிறகுதான் தெரியும். முன்னால் `66` என்று ஒரு பைட் ஒட்டிக்கொண்டால் சில கட்டளைகளின் நீளமே மாறிவிடும். ஒரு கட்டளை 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட் வரையும் போகலாம். இதன் நீளம் தெரியாமல் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நான்கு கட்டளைகளைச் சேர்த்து டிகோட் செய்ய நினைத்தால் நான்காவது, முன்னால் உள்ள மூன்றுக்கும் காத்திருக்க வேண்டும்.

ரிஸ்க் வகையான ரிஸ்க்-ஃபைவில் அதே வேலைக்கு மூன்று கட்டளைகள்:

```
lw  t0, 8(s1)
add t0, t0, a0
sw  t0, 8(s1)
```

ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 12. இடம் நான்கு மடங்கு என்பது உண்மைதான். தூரம் 2047-ஐத் தாண்டினால் ஒற்றை `lw`-இல் அடங்காது, கூடுதல் கட்டளைகளும் வரும். ஆனால் அடுத்த கட்டளையின் முகவரிக்கு, தாவல் இல்லாதவரை, இப்போதைய முகவரியோடு 4-ஐக் கூட்டினால் சரி. வந்தது என்ன கட்டளை என்று பார்க்கவே வேண்டாம். நெல் கொள்முதல் நிலையத்தில் எல்லா மூட்டையும் 40 கிலோ என்பதால் லாரியில் எத்தனை மூட்டை என்று எண்ணினாலே எடை தெரிந்துவிடுகிறது. ஆளுக்கொரு அளவில் கட்டிய மூட்டை என்றால் ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றியாக வேண்டும்.

இன்னொரு வசதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ரிஸ்க்-ஃபைவில் படிக்க வேண்டிய ரெஜிஸ்டர் எண்களுக்கான இடம் மாறவே மாறாது: முதலாவது 15 முதல் 19 வரையான பிட்டுகளில், இரண்டாவது 20 முதல் 24 வரை. என்ன கட்டளை என்று டிகோட் நடக்கும்போதே ரெஜிஸ்டர்களைப் படிக்கத் தொடங்கிவிடலாம்.

இனி பைப்லைனின் ஐந்து கட்டங்கள்: எடுத்தல், டிகோட், கணக்கு, நினைவகம், எழுதுதல். மூன்று கட்டளைகள் தடங்கல் இல்லாமல் போனால் 7 கிளாக் சுழற்சிகளில் முடியும். இங்கே அப்படி நடக்காது. `lw` கொண்டுவரும் மதிப்பு நான்காம் கட்டத்தின் முடிவில்தான் கைக்கு வரும், அதற்குள் `add` கேட்டுவிடும். ஒரு சுழற்சி நிற்க வேண்டும், ஆக 8. இடையில் சம்பந்தமில்லாத வேறொரு கட்டளையைக் கம்பைலர் நகர்த்தி வைத்தால் அந்தச் சுழற்சியும் வீணாகாது. ஆக, ரிஸ்க்கிலும் தடங்கல் உண்டு. ஆனால் எங்கே, எத்தனை சுழற்சி என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எக்ஸ்86-இன் அந்த ஒற்றைக் கட்டளையை இதே கட்டங்களில் தள்ளிப் பாருங்கள். முகவரிக்கு ஒரு கூட்டல், மதிப்புக்கு ஒரு கூட்டல். நினைவகத்துக்கு ஒரு முறை படிக்க, ஒரு முறை எழுத. கணக்கும் நினைவகமும் இரண்டிரண்டு தடவை வேண்டும், பின்னால் வருபவை வரிசையில் நிற்கும். 1989-இல் வந்த இன்டெல் 486-இல் பைப்லைன் இருந்தது; ரெஜிஸ்டர்களுக்குள் கூட்டினால் 1 சுழற்சி, நினைவகத்தில் இப்படிக் கூட்டினால் 3.

"அப்படின்னா சார், லேப்டாப் எல்லாம் எப்படி இவ்வளவு வேகமா ஓடுது?" என்று வகுப்பில் யாராவது கேட்டுவிடுவார்கள். 1995-இல் வந்த பென்டியம் ப்ரோ முதல், சிப்பின் வாசலிலேயே சிக்கலான கட்டளைகளைச் சின்னச் சின்ன மைக்ரோ-ஆப்களாக உடைத்து, உள்ளே அவற்றைத்தான் ஓட்டுகிறார்கள். உடைத்ததைச் சேமித்துவைக்கத் தனி கேஷும் பின்னால் வந்தது. அந்த வாசலுக்கு டிரான்சிஸ்டரும் மின்சாரமும் செலவாகின்றன. பெரிய சிப்பில் அது உறுத்தாது, சின்ன சிப்பில் உறுத்தும்.

அதனால் லேப்டாப் வாங்குகிறவர் இதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. கடைசி வருட பிராஜெக்ட்டாக எஃப்பிஜிஏ போர்டில் சொந்தமாக பைப்லைன் கட்டுகிறவருக்கு என் ஓட்டு ரிஸ்க்-ஃபைவுக்குத்தான், அதிலும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான `RV32I` மட்டும். இடம் மிச்சமாகிறதே என்று `C` நீட்சியைச் சேர்த்தால் 2 பைட் கட்டளைகள் உள்ளே வரும். கடைசி இரண்டு பிட் `11` என்றால் 4 பைட், இல்லையென்றால் 2. எக்ஸ்86 அளவுக்குக் கஷ்டமில்லை, ஆனால் `pc + 4` என்ற நிம்மதி போய்விடும்.