யூஏடி சூழலை மீட்டிங் ரூம் போல புக் பண்ணி ஒன்றரை வருடம்

கொழும்பில் கட்டணச் சேவை மென்பொருள் செய்யும் ஓர் இடத்தில் டெஸ்டிங் பக்கம் இருக்கிறேன். நான்கு டீம், ரிலீஸுக்கு முன் டெஸ்ட் பண்ணிப் பார்க்க இரண்டே யூஏடி சூழல். சித்திரைப் புத்தாண்டு லீவுக்கு முந்தைய கிழமைதான் எல்லோருக்கும் ரிலீஸ்.

அப்படி ஒரு கிழமையில் எங்கள் ரிக்ரெஷன் ஓடிக்கொண்டிருந்தபோது, பதினொரு மணிக்கு செட்டில்மென்ட் டெஸ்ட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழத் தொடங்கின. பிழை எங்கள் கோடில்தான் என்று நினைத்து பின்னேரம் வரை தேடினோம். கடைசியில் பக்கத்து டீம் தம்பி வந்து, "அண்ணா, யாரும் பாவிக்கவில்லை என்று நினைத்து நாங்கள்தான் மைக்ரேஷன் ஓட்டினோம்" என்றான். டேபிளில் ஒரு ஃபீல்டின் பெயர் மாறியிருந்தது, அவ்வளவுதான். இப்போது டெஸ்ட்கள் கூட்டமாக விழுந்தால் முதலில் மைக்ரேஷன்கள் பதிவாகும் `flyway_schema_history` டேபிளின் கடைசி வரியில் `installed_on` நேரத்தைத்தான் பார்க்கிறேன். அது டெஸ்ட் விழுந்த நேரத்தோடு ஒத்துப்போனால் கோடைத் தேடுவதில் பயனில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு சூழலுக்கும் அவுட்லுக்கில் உபகரணக் கணக்குத் திறந்து, மீட்டிங் ரூம் மாதிரியே புக் பண்ண ஆரம்பித்தோம். நேரம் மோதினால் கோரிக்கை தானாகவே திரும்பி வரும். ஆனால் மூன்று நாளுக்குக் கேட்ட முதல் புக்கிங்கும் திரும்பி வந்தது, ஏனென்றால் ஒரு புக்கிங்கின் உச்ச நீளம் இயல்பில் 1440 நிமிடம், அதாவது ஒரு நாள். அட்மினிடம் சொல்லி மாற்றினோம்:

```
Set-CalendarProcessing -Identity uat2 -MaximumDurationInMinutes 4320
```

சரி, காலண்டர் ஒழுங்காகிவிட்டது, ஆனாலும் டிப்ளாய் பட்டனை அமத்த யாருக்கும் தடை இல்லை. அதனால் ஜென்கின்ஸில் லாக்கபிள் ரிசோர்சஸ் பிளகினைப் போட்டு டிப்ளாய் ஜாபை `lock('uat2')` உள்ளே வைத்தோம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூட்டு டிப்ளாய் முடிந்ததுமே திறந்துவிடும், நமக்கு டெஸ்ட் நடக்கும் இரண்டு மூன்று நாளும் பூட்டு வேண்டும். ஆகவே புக்கிங் தொடங்கும் டீம் தன் டிப்ளாய் முடிந்ததும் அந்தப் பிளகினின் பக்கத்தில் Reserve கொடுக்கிறது. அதற்குப் பிறகு வேறு யாராவது டிப்ளாய் ஓட்டினால் ஜாப் வரிசையில் காத்து நிற்கும், இடையில் ஒரு திருத்தம் போட வேண்டுமென்றால் நாங்களே ரிசர்வை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறோம். மோதல் உண்மையில் நின்றது இதற்குப் பிறகுதான்.

ஆனால் ரிசர்வை எடுக்க மறந்தால் அது தானாகக் கழலாது. வெள்ளி பின்னேரம் மறந்துவிட்டுப் போனால் திங்கள் காலை ஐந்தாறு ஜாப் வரிசையில் நிற்கும். இப்போது தினமும் காலையில் ஒருவர் காலண்டரையும் ரிசர்வ் பட்டியலையும் ஒப்பிட்டு, புக்கிங் முடிந்தவற்றை அந்த டீமிடம் கேட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்.

இன்னொன்று, இரண்டு சூழலும் ஒரே டேட்டாபேஸைப் பாவித்த காலத்தில் தனித்தனியாக புக் பண்ணியும் மோதினோம். டேட்டாபேஸைப் பிரிக்கும் வரை இரண்டையும் ஒரே பெயரில்தான் புக் பண்ணினோம்.